கால் வட்டத்துக்கு ஒரே கியூபிக் வளைவு: அந்த 0.5523 எங்கிருந்து அளக்க வேண்டும்?

ஸ்டிக்கர் அச்சடிக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். அது நேரடியாக பிடிஎஃப் கோப்பை உருவாக்கும். பெட்டியின் மூலைகள் வளைந்திருக்க வேண்டும், ஆனால் பிடிஎஃப்பில் வட்டவில் வரையக் கட்டளையே கிடையாது. நேர்கோடும் கியூபிக் பெசியே வளைவும்தான் உண்டு. வளைவு வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் பதிவு, அதனால் பெசியே என்றால் என்ன என்று ஆரம்பிக்கவில்லை.

மையம் (20, 20), ஆரம் 100 என்று வைத்துக்கொள்வோம். வளைவு வலப்பக்கம் (120, 20) புள்ளியில் தொடங்கி, உச்சியில் (20, 120) புள்ளியில் முடிகிறது. வட்டம் தொடக்கத்தில் நேராக மேலே போகிறது, முடிவில் கிடையாகப் போகிறது. ஆகவே முதல் கட்டுப்பாட்டுப் புள்ளி தொடக்கத்துக்கு நேர் மேலேயும், இரண்டாவது முடிவுப் புள்ளிக்கு நேர் வலப்பக்கத்திலும் இருந்தாக வேண்டும். திசை இப்படித் தானாகவே முடிவாகிவிடுகிறது. எவ்வளவு தூரம் என்பது மட்டும்தான் பாக்கி.

அந்தத் தூரத்தை ஆரத்தின் k மடங்கு என்போம். வளைவின் நடுப்புள்ளி வட்டத்தின் மேலேயே உட்கார வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டால் k கிடைத்துவிடும். கியூபிக் வளைவின் நடுப்புள்ளி என்பது நான்கு புள்ளிகளையும் 1, 3, 3, 1 என்ற எடையில் கூட்டி 8-ஆல் வகுப்பதுதான். மையத்திலிருந்து பார்த்தால், ஆரம் 1 கொண்ட வட்டத்தில் x மதிப்புகள் 1, 1, k, 0. 45 டிகிரியில் வட்டத்தின் x 0.7071.

```
(1 + 3 + 3k + 0) / 8 = 0.7071
k = 4(√2 − 1)/3 ≈ 0.5523
```

நம் ஆரத்துக்கு 55.23. பிடிஎஃப்பில்:

```
120 20 m
120 75.23 75.23 120 20 120 c
S
```

சரி, இப்போது நான் சறுக்கிய இடம். வளைந்த மூலை வரையும்போது கண்ணுக்குத் தெரிவது பெட்டியின் கூர்மூலைதான், இங்கே (120, 120). நானும் அங்கிருந்தே 0.5523 மடங்கை அளந்தேன். அளக்க வேண்டியது வளைவு தொடங்கும், முடியும் புள்ளிகளிலிருந்து. கூர்மூலையிலிருந்து பார்த்தால் கட்டுப்பாட்டுப் புள்ளி 0.4477 மடங்கு தள்ளித்தான் இருக்க வேண்டும். இரண்டும் பாதிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் திரையில் சந்தேகமே வரவில்லை. அச்சில் பார்த்தால் மூலையை யாரோ சீவிவிட்ட மாதிரி இருந்தது. கணக்குப் போட்டால் நடுப்புள்ளி ஆரத்தில் 5.5% உள்ளே போயிருக்கிறது. என் ஸ்டிக்கரின் ஆரம் 40 பாயின்ட், அதில் 2.2 பாயின்ட், கிட்டத்தட்ட 0.8 மில்லிமீட்டர்.

இதைப் பிடிக்க எளிய வழி: இங்க்ஸ்கேப்பில் திறந்து, அதே மையம், அதே ஆரத்தில் ஒரு உண்மையான வட்டத்தை மெல்லிய சிவப்புக் கோட்டில் மேலே போட்டுப் பாருங்கள். கட்டுப்பாட்டுப் புள்ளிகளை மவுஸால் இழுத்துச் சரிசெய்ய மட்டும் போகாதீர்கள். எண்ணைக் கையால் தட்டுவதே எனக்குப் பிடித்த முறை, பிழை எங்கே என்று பிறகு தேட முடியும்.

சரியான k போட்டாலும் இது அசல் வட்டம் ஆகாது. தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் வட்டத்தைத் தொடும், இடையில் இரண்டு இடங்களில், ஏறக்குறைய 19 டிகிரியிலும் 71 டிகிரியிலும், கொஞ்சம் வெளியே புடைக்கும். அதிகபட்சம் 0.027%, ஆரம் 100-க்கு 0.027 அலகு. எங்குமே உள்ளே போகாது என்பதால், k-ஐ 0.5519 என்று சற்றுக் குறைத்து, பிழையை உள்ளேயும் வெளியேயும் பங்குபோடலாம். அப்போது அதிகபட்சம் சுமார் 0.02%. நான் குறைப்பதில்லை. நடுப்புள்ளி வட்டத்தில் இருந்தால் சரிபார்ப்பது சுலபம்.

பிற்சேர்க்கை: எழுத்துரு வரையும் ஒரு வாசகர், 0.5519 போட்டும் பிழை குறையவில்லை என்று எழுதியிருந்தார். அவருடைய மென்பொருள் ஆயங்களை முழு எண்ணாக்கிவிடுகிறது. ஆரம் 100 என்றால் 55.23, 55.19 இரண்டுமே 55 ஆகிவிடும். 55-ல் நடுப்புள்ளி 0.12 அலகு உள்ளே போகிறது. நாம் தசமத்தில் சண்டை போட்ட பிழையைவிட இது நான்கு மடங்குக்கு மேல்.

இன்னொன்று: அரைவட்டத்தையும் ஒரே வளைவில் முடிக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். எந்தக் கோணத்துக்கும் k என்பது (4/3)·tan(θ/4), அரைவட்டத்துக்கு 4/3. ஆனால் கோணம் இரட்டிப்பானால் பிழை ஏறத்தாழ 64 மடங்காகிறது, அதாவது சுமார் 1.8%. ஆரம் 100-ல் கிட்டத்தட்ட 2 அலகு புடைக்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். இரண்டு கால் வட்டமாகவே வரையுங்கள்.