உடைந்த கோப்பையா, வேறு ஏதாவதா? பெயர் தெரியாத பொருளைப் பிள்ளைகளிடம் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உடைஞ்ச கோப்ப, சேர்." தேயிலை ருசி பார்க்கும் கோப்பையைத் தோட்டப் பாடசாலையில் தரம் 5, 6 பிள்ளைகளிடம் காட்டினால் பெரும்பாலும் முதலில் வரும் பதில் இதுதான். அம்மா கொழுந்து பறிப்பார், மாமா பெக்டரியில் வேலை செய்வார், வீட்டில் காலையும் மாலையும் சாயத்தண்ணி கொதிக்கும். ஆனாலும் பெக்டரிக்குள் ருசி பார்க்கும் அறைக்குப் பிள்ளைகள் போயிருக்க மாட்டார்கள். அதனால்தான் வடிவம், செய்த பொருள், பயன்பட்ட அடையாளம் மூன்றையும் வைத்துப் பெயர் தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்கும் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் மலைநாட்டில் கிடைப்பது கஷ்டம் என்பேன். பாக்குவெட்டியையும் அரிக்கன் லாம்பையும் கொண்டுபோய்ப் பயனில்லை. அவற்றைப் பிள்ளைகள் பார்த்த உடனே பெயரைச் சொல்லிவிடுவார்கள், அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இராது. எங்கேயோ தோண்டி எடுத்த துருப்பிடித்த இரும்புத் துண்டும் வேண்டாம். அதில் பிடித்துக்கொள்ள ஒரு தடயமும் இல்லாவிட்டால் வகுப்பு குருட்டு ஊகத்தில் முடியும். பார்த்த மாதிரியும் இருக்க வேண்டும், ஏதோ ஒரு இடத்தில் இடறவும் வேண்டும்.

இந்தக் கோப்பை அப்படித்தான். வெள்ளைப் பீங்கான், பக்கத்தில் ஒரு கைபிடி, கொஞ்சம் தடித்த சுவர். கைபிடிக்கு எதிர்ப் பக்கத்து விளிம்பில் மட்டும் சீப்புப் பல் போல வரிசையாகச் சின்ன வெட்டுகள். இதற்கு ஒரு மூடியும் தனியே ஒரு வெள்ளைக் கிண்ணமும் உண்டு.

பேசப் போகிறவர் செய்கிற முதல் தவறு, மூன்றையும் ஒரேயடியாக மேசையில் வைத்துவிடுவது. மூடியும் கிண்ணமும் பக்கத்தில் இருந்தால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று அரை நிமிடத்தில் "தேத்தண்ணி வடிக்கிறது" என்று சொல்லிவிடும், மற்றவர்கள் அதோடு கையைக் கட்டிக்கொள்வார்கள். கோப்பையை மட்டும் முதலில் வையுங்கள். மூடி பைக்குள் இருக்கட்டும். கிண்ணம் கடைசியில் வரட்டும்.

இரண்டாவது, "இது என்ன?" என்று தொடங்குவது. அந்தக் கேள்வி கேட்டதும் வகுப்பு பெயர் சொல்லும் போட்டியாகிவிடும். முதலில் சத்தம் போட்ட பெயர் மற்ற எல்லோர் கண்ணையும் கட்டிவிடும். "உடைஞ்ச கோப்ப" என்று ஒருவன் சொன்ன பிறகு, பல்லைப் பார்க்கிற ஒவ்வொரு பிள்ளையும் உடைப்பைத்தான் பார்க்கும். அதனால் பெயருக்குக் கொஞ்ச நேரம் தடை போட்டுவிடுங்கள். "கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லுங்க, பெயர் வேண்டாம்" என்று சொல்லிக் கரும்பலகையில் எழுதுங்கள்: வெள்ளை, வட்டம், ஒரு கைபிடி, விளிம்பில் ஒரு பக்கம் பல். "உடைஞ்சிருக்கு" என்று வந்தால் அதைத் தள்ளிவிடாமல், பலகையின் மறுபக்கத்தில் கேள்விக்குறியோடு எழுதுங்கள். பல் இருப்பது கண்ணால் கண்டது. உடைந்தது என்பது நாமாக முடிவு கட்டியது. இரண்டும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

சரி, அந்தக் கேள்விக்குறியை எப்படித் தீர்ப்பது? வகுப்பில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் பலர் "இல்ல இல்ல, இது உடையல்ல, வேணும்னே செஞ்சது" என்று தாங்களே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அப்படிச் சொல்லிவிடாதீர்கள். வீட்டிலிருந்து உண்மையாகவே விளிம்பு உடைந்த பீங்கான் கோப்பை ஒன்றையும் எடுத்துப் போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, உடைந்ததைக் கண்ணால் மட்டும், ருசிக் கோப்பையின் பல்லை விரல் நுனியால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். (உடைந்த விளிம்பு கத்திபோல வெட்டும். அதை நீங்களே கையில் வைத்திருங்கள், வரிசையில் கைமாற விடாதீர்கள்.)

பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டியது மூன்று. உடைப்பு கோணல்மாணலாக இருக்கும், பற்கள் ஒரே அளவில் ஒரே இடைவெளியில் இருக்கின்றன. உடைப்பில் விளிம்பு கூர், பல்லில் விளிம்பு உருண்டு மழுங்கியிருக்கிறது. மூன்றாவதுதான் பலமான சான்று: உடைந்த இடத்தில் பளபளப்புப் பூச்சு இல்லை, உள்ளே இருக்கும் பீங்கான் வெறுமையாகத் தெரிகிறது. ஆனால் ருசிக் கோப்பையில் பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்துக்குள்ளும் அந்தப் பூச்சு ஓடியிருக்கிறது. அந்தப் பூச்சு சூளைத் தீயில் உருகிப் படிந்தது. அப்படியானால் பல் வெட்டப்பட்டது சூளைக்குப் போகுமுன், களிமண் பச்சையாக இருந்தபோது. செய்தவர் வேண்டுமென்றே வெட்டியது. இதற்குமேல் "உடைஞ்சது" என்ற பேச்சு நிற்காது, அதை நிறுத்தியது நீங்கள் இல்லை, அந்தப் பூச்சு.

எந்தப் பழைய பொருளானாலும் செய்தபோது வந்தது எது, பிறகு அதற்கு நேர்ந்தது எது என்று பிரிப்பதுதான் முதல் வேலை. இதே கோப்பையைக் கவிழ்த்து அடியைக் காட்டினால் அங்கே ஒரு வட்டம் சொரசொரப்பாக, பூச்சு இல்லாமல் இருக்கும். "அப்ப இது தேஞ்சிருக்கா?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். இல்லை. அந்த இடத்திலும் பூச்சு இருந்தால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் செய்தவர்களே துடைத்துவிடுகிறார்கள். பூச்சு இல்லை என்பது மட்டும் உடைப்புக்கோ தேய்மானத்துக்கோ சாட்சி ஆகாது. அது எந்த இடத்தில், எப்படி இல்லை என்று பார்க்க வேண்டும்.

செய்த பொருளைப் பற்றிய பகுதியில் நடக்கும் தவறு வேறு மாதிரி. "இது எதால செஞ்சது?" "பீங்கான்." "சரி, கெட்டிக்காரன்." அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். பொருளின் பெயரைச் சொன்னதால் ஒன்றும் தெரிந்துவிடாது. இதையே தகரத்தில் செய்திருந்தால் என்ன குறை என்று கேளுங்கள். கீழே விழுந்தாலும் உடையாது, விலையும் குறைவு. அப்படியிருந்தும் உடையக்கூடிய பீங்கானில் ஏன் செய்தார்கள்? பிள்ளைகள் கொஞ்சம் திணறுவார்கள், திணறட்டும். சுடுகிற ஏதோ ஒன்று, கழுவினால் வாசம் தங்கக் கூடாத ஏதோ ஒன்று, நிறம் சரியாகத் தெரிய வேண்டிய ஏதோ ஒன்று என்று மெல்ல மெல்ல வரும். பச்சைப் பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றிய சாயத்தண்ணி என்ன நிறம் என்று கேட்டால் கடைசி விஷயம் உடனே விளங்கிவிடும். இரும்பில் வைத்த சாயம் கறுத்துப் போவதை வீட்டில் கண்ட பிள்ளைகளும் இருப்பார்கள். தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும்.

பயன்பட்ட அடையாளத்துக்கு வரும்போது பெரும்பாலானவர்கள் வகுப்புக்கு முன்பே காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள், கோப்பையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று கொண்டுவந்து. தயவுசெய்து கழுவாதீர்கள். உள்ளே அடியிலும் பற்களின் இடுக்கிலும் படிந்த பழுப்புக் கறைதான் அந்தக் கோப்பை சொல்லும் வாக்குமூலம். வெளிப்பக்கத்தில் பல்லுக்குக் கீழே கறை கோடாக இறங்கியிருந்தால் இன்னும் நல்லது, திரவம் அந்த வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது.

ஆனால் கறையையே முழுசாக நம்பவும் கூடாது. ஒரு பொருளை அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கே மனிதர்கள் கடைசி வரை வைத்திருப்பதில்லை. பழைய கொழுந்துக் கூடையில் கோழி அடைகாப்பதை லயத்துப் பிள்ளைகளிடம் நினைவூட்டினால் போதும். அதில் இறகையும் எச்சத்தையும் பார்த்துவிட்டு "கோழிக் கூடு பின்னினார்கள்" என்று யாராவது எழுதிவைத்தால் எப்படியிருக்கும்! கறை சொல்வது கடைசியாக நடந்ததை. வடிவமும் செய்த பொருளும் சொல்வது செய்தவர் நினைத்ததை. இரண்டும் ஒரே பக்கம் கை காட்டினால்தான் நம்பிக்கையோடு பேசலாம்.

இந்தக் கட்டத்தில் பெயர்த் தடையை எடுத்துவிடுங்கள். பென்சில் போடுவது, பூச்சாடி, குடிக்கும் கோப்பை என்று வரும். எதையும் "பிழை" என்று சொல்லாமல், "அப்படியானால் பல் எதுக்கு?" என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள். பென்சில் போடுவதற்குப் பல் தேவையில்லை. குடிப்பதற்கானால் பல் உதட்டுக்கு இடைஞ்சல். அப்புறம் மூடியை வெளியே எடுங்கள். மூடியின் கீழ்ப்பக்க வளையம் கோப்பைக்குள் போய் உட்காரும். மூடி மூடிய பிறகும் பல் இருக்கும் இடத்தில் மட்டும் சின்னச் சின்ன வாசல்கள் திறந்தபடி இருக்கும். பெரியது உள்ளே நிற்கும், தண்ணீர் வெளியே போகும். இதை முதலில் வாயால் சொல்வது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் வீட்டில் சாயம் வடிக்கிற பிள்ளைதான்.

கடைசியில் செய்து பார்க்காமல் முடிப்பதும் ஒரு தவறு. ருசி பார்ப்பதற்கென்றே தேயிலை வடிக்கும் முறைக்கு ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேச நியமம் இருக்கிறது: 100 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். 40 நிமிடப் பாடவேளையில் அதற்குத் தாராளமாக இடமுண்டு. சுடுதண்ணீரை நீங்களே ஊற்றுங்கள், பிள்ளைகள் ஒரு பாகம் தள்ளி நிற்கட்டும். ஆறு நிமிடம் ஆனதும் மூடியை விரலால் அழுத்திப் பிடித்து, பற்கள் கீழே பார்க்கும்படி கோப்பையைக் கிண்ணத்தின் மேல் சரித்துப் படுக்க வையுங்கள். சாயம் பல்லின் வழியே இறங்கும், இலை உள்ளே நிற்கும். பிறகு கோப்பையை நிமிர்த்தி, ஊறிய இலையை மூடியின் மேல் தட்டிக் காட்டுங்கள். ருசி பார்ப்பவர்களும் அப்படித்தான் இலையின் நிறத்தைப் பார்ப்பார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: தோட்டத்தில் வீட்டுக்குக் கிடைக்கும் நைஸ் டஸ்ட் தூளைப் போட்டால் கொஞ்சம் பல்லிடுக்கால் நழுவிக் கிண்ணத்துக்குள் வந்துவிடும். உடனே ஒரு பிள்ளை "அப்ப இது வடிக்கிறதுக்கில்ல, சேர்" என்று எழும்பும். அந்தப் பிள்ளையை அடக்காதீர்கள், கேள்வி நியாயமானது. கொஞ்சம் பெரிய இலைத் தூளும் ஒரு பொட்டலம் கையில் இருந்தால், இரண்டையும் வடித்து ஒப்பிட்டுப் பார்க்க அதே பிள்ளையிடமே விடலாம்.

இன்னொன்று, பெயரை நீங்களே அறிவித்து முடிப்பது. "தேயிலை ருசி பார்க்கும் கோப்பை" என்ற சரியான பெயரை யாரும் சொல்லாவிட்டால் வகுப்பு தோற்றுவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். பொருளுக்கு அட்டை எழுதச் சொல்லிப் பாருங்கள். "வெள்ளைப் பீங்கான், ஒரு பக்கம் பல்லுள்ள, மூடியுள்ள கோப்பை, இலையை நிறுத்திச் சாயத்தை வடிக்க" என்று ஒரு பிள்ளை எழுதினால் விடை முழுதாக வந்துவிட்டது. அது யாருடைய கையில் இருந்தது, ஏன் வீட்டு வடியை விட்டுவிட்டு இதைச் செய்தார்கள் என்பது கோப்பையைப் பார்த்து மட்டும் தெரியாது. அதற்குப் பெக்டரியில் வேலை செய்கிற யாரையாவது கேட்டு வரச் சொல்ல வேண்டும். அட்டையில் அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள். மாமாவிடம் கேட்டுவிட்டு மறுநாள் வந்து நிரப்பட்டும்.