ஜங்காரில் கார் ஏற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்: முக்கியமாக, சாய்தளத்தில் நிற்பது

கொங்குப் பக்கத்து ஆட்களுக்கு வண்டியோடு தண்ணீரைக் கடக்கும் வாய்ப்பு பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் வரும். ஒன்று காவிரியில் பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவே ஓடும் விசைப்படகு. அதில் டூவீலர் போகும், கார் ஏறாது. இன்னொன்று, பாலக்காடு தாண்டிக் கொச்சிக்குப் போனால் வைப்பினுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் இடையே 2018 முதல் ஓடும் ரோ-ரோ, அதாவது வண்டிகளை ஏற்றிப்போகும் தட்டையான படகு, நம் வாய்க்கு வசதியாக ஜங்கார். இரு முனையிலும் இரும்புச் சாய்தளம் இருக்கும். ஒரு பக்கம் ஏறி, ரிவர்ஸ் எடுக்காமல் மறுபக்கம் இறங்கிவிடலாம். ஊரைச் சுற்றிப் பாலங்கள் வழியாகப் போவதற்குப் பதில் சில நிமிடத்தில் அக்கரை.

போகிற ஒவ்வொரு தடவையும் டிஎன் 33, 37, 39 நம்பர் வண்டிகள் ஒரே தவறைச் செய்வதைப் பார்க்கிறேன். டிக்கெட் வாங்க மறப்பது, கண்ணாடியை மடிக்காதது எல்லாம் அங்கேயே சரியாகிவிடும். சாய்தளத்தில் நிற்பதோ கிளட்ச்சைத் தின்றுவிடும்.

முன்னால் இருக்கும் வண்டியை ஒட்டியே சாய்தளத்தில் ஏறுவது

அவிநாசி ரோட்டு சிக்னலில் இடைவெளி விட்டால் நடுவில் இன்னொருவர் மூக்கை நுழைப்பார். அந்தப் பழக்கத்தில் ஜங்காரிலும் பம்பருக்குப் பம்பர் ஒட்டிக்கொண்டே நகர்கிறார்கள். ஏறும்போது இது பெரும்பாலும் தப்பித்துவிடும், ஏனென்றால் கரையிலிருந்து தளத்துக்கு இறக்கமாகவோ சமமாகவோ இருக்கும். இறங்கும்போதுதான் வினை.

கொச்சியில் கடல் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் அந்த ஒரு மீட்டரே சாய்தளத்தின் கோணத்தை மாற்றப் போதும். தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஜங்காரின் தளம் கரையைவிடத் தாழ்ந்துவிடும், இறங்குவது என்பது ஏறுவதாகிவிடும். கரையிலுள்ள சிமெண்ட் சரிவில் அதுவரை தண்ணீருக்குள் இருந்த பகுதி அப்போது வெளியே தெரியும். பச்சையாகப் பாசி படிந்திருக்கும், வழுக்கும். போதாததற்கு, கனமான வண்டி ஒன்று கரையேறியதும் பாரம் குறைந்து ஜங்காரின் முனை மேலே எழும். சாய்தளத்தின் நுனி சிமெண்டில் சற்று நகரும். அந்த நேரம் உங்கள் முன்சக்கரம் கரையிலும் பின்சக்கரம் இரும்பிலும் இருந்தால், நிற்கிற தரையே காலுக்கடியில் அசையும்.

ஒரு மதியம் என் கண்முன் நடந்தது இது. திருப்பூர்க் குடும்பம், செடான் கார், உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான். பின்பக்கம் நன்றாக அமுங்கியிருந்தது. டூவீலர்கள் முதலில் இறங்கின. அதில் நாலைந்து பேர் கரை முனையிலேயே நிறுத்தி, பின்னால் வரும் கூட்டாளிக்காகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களால் முதல் கார் நின்றது. ஒட்டி வந்த திருப்பூர்க் கார் சரியாகச் சாய்தளத்தின் நடுவில் மாட்டிக்கொண்டது. பின்னால் லோடு ஏற்றிய டெம்போ.

ஓட்டியவர் ஹேண்ட்பிரேக் போடவில்லை. பாதிக் கிளட்ச்சில் பிடித்து நிறுத்தினார். முன்சக்கரம் இழுக்கும் கார் ஏற்றத்தில் நின்றால் பாரம் பின்னுக்குப் போய்விடும், இழுக்கவேண்டிய முன்சக்கரத்தில் அழுத்தம் குறைந்துவிடும். டிக்கி பாரம் அதை இன்னும் மோசமாக்கியது. சக்கரம் பாசியில் சுழன்றது. பயந்து இன்னும் மிதித்தார். கருகிய வாடை தளம் முழுக்க வந்தது. வண்டி ஒரு சாண் பின்னால் வந்து டெம்போவை முட்டியது.

ஊழியர் ஒருவர் ஓடிவந்து பின்சக்கரத்துக்கு மரக்கட்டை வைத்தார். "எல்லாரும் இறங்குங்க, ஆக்சிலரேட்டர விடுங்கண்ணா" என்று பின்னாலிருந்த டெம்போக்காரர் கத்தினார். அதுதான் சரியான வைத்தியம். நாலு பேர் இறங்கினார்கள், முன்னால் வழி விட்டது. ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல விட்டு, வண்டியின் முன்பக்கம் லேசாக எழும்பும் இடத்தில் பிடித்து, பிறகு ஹேண்ட்பிரேக்கை இறக்கச் சொன்னார்கள். சத்தமே இல்லாமல் ஏறிப் போய்விட்டது. ஆனால் கிளட்ச் பிளேட் அந்த இரண்டு நிமிடத்திலேயே போய்விட்டிருந்தது. கரையில் பேசியபோது ஒவ்வொரு கியருக்கும் எஞ்சின் அலறுகிறது, வண்டி வேகம் பிடிக்கவில்லை என்றார் ஓட்டியவர். வால்பாறை ரோட்டில் வண்டி ஓட்டிய கை அது. ஏற்றம் தெரியாதவர் இல்லை, நிற்கக்கூடாத இடத்தில் நின்றார், அவ்வளவே. அதனால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

செய்யவேண்டியது இதுதான். முன்னால் போகும் வண்டியின் நாலு சக்கரமும் கரையைத் தொட்டு, அதற்குப் பின்னால் இன்னொரு கார் நிற்க இடம் தெரியும்வரை உங்கள் சக்கரம் சாய்தளத்தைத் தொடக்கூடாது. சமதளத்திலேயே ஹேண்ட்பிரேக் போட்டு நில்லுங்கள். பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். ஊழியரின் கையை மட்டும் பாருங்கள். கிளம்பினால் முதல் கியரில் ஒரே சீராக, கரை சமமாகும்வரை நிற்காமல் போங்கள். பின்பாரம் அதிகமென்றால், ஊழியர் விட்டால், ஆட்களை நடந்து இறங்கச் சொல்லுங்கள். பின் பம்பர் உரசுவதும் அதனால் குறையும்.

வரிசையில் முதலில் வந்தேன், முதலில் ஏற்று என்று சண்டை போடுவது

தளத்தில் வண்டி நிற்கும் இடத்தை வரிசை முடிவு செய்யாது, எடை முடிவு செய்யும். லாரியை நடுவில் விட்டு, கார்களை இரு பக்கமும் சமமாகப் பிரித்து, மிச்ச இடுக்கில் டூவீலர்களை நிறுத்துவார்கள். ஒரு பக்கம் பாரம் கூடினால் ஜங்கார் சாயும். உங்களுக்குப் பின்னால் வந்த டெம்போவை முதலில் கூப்பிட்டால் அதற்குக் காரணம் உண்டு.

கடக்கும்போது எஞ்சினை ஓடவிடுவது

அணையுங்கள். ஹேண்ட்பிரேக், முதல் கியர். ஆட்டோமேட்டிக் என்றால் பி.

டூவீலரை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்கப் போவது

ஈர இரும்பில் சென்டர் ஸ்டாண்ட் வழுக்கும். கியர் வண்டியென்றால் சைடு ஸ்டாண்ட் போட்டு, முதல் கியரில் விட்டு, பக்கத்திலேயே பிடித்து நில்லுங்கள். ஸ்கூட்டருக்கு அந்தக் கியர் பிடிப்பு கிடையாது. பிரேக் லீவரில் ரப்பர் பேண்டு இறுக்கிச் சுற்றுங்கள், அல்லது உட்கார்ந்தே பிரேக்கைப் பிடித்திருங்கள். சாய்தளத்தில் வழுக்காமல் இருக்கக் குறுக்கே இரும்புப் பட்டைகள் பற்றவைத்திருப்பார்கள். அவற்றை நேராகக் கடக்கவேண்டும், சாய்த்து வளைத்தால் சக்கரம் நழுவும். முன்பிரேக்கைத் தொடாதீர்கள். பின்னால் இருப்பவரை முன்பே இறக்கிவிடுங்கள்.

பூலாம்பட்டியில் கதை வேறு. அங்கே எஞ்சினை அணைத்து வண்டியைத் தள்ளித்தான் ஏற்றவேண்டும். படகுக்காரர் பிடிக்கும்போது நீங்களும் ஹேண்டிலைத் திருப்பாதீர்கள். மேட்டூரில் உபரி நீர் அதிகம் திறந்துவிட்டால் படகை நிறுத்திவிடுவார்கள், கெஞ்சினாலும் ஓடாது. ஆடி மாதத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கரையேறியதும் நிற்பது

அந்தத் திருப்பூர்க் காரின் கிளட்ச் கருகியதற்குப் பாதிப் பொறுப்பு அந்த நாலைந்து டூவீலர்காரர்களுடையது. முதலில் இறங்குபவர் பின்னால் இருக்கும் மொத்த ஜங்காருக்கும் வழிவிடவேண்டியவர். கூட்டாளி வரவில்லையா, டீக்கடை தாண்டி ரோடு அகலமாகும் இடம்வரை போய், வண்டியை முழுக்க ஓரங்கட்டி நிறுத்திக் காத்திருங்கள்.