எடை குறைந்தபின் வந்த பசி

பத்து மாதத்தில் 86 கிலோவிலிருந்து 74க்கு வந்தேன். அடுத்த மூன்றே மாதத்தில் 79. வேலூர் கோட்டையைச் சுற்றி நடப்பதை ஒரு நாளும் விடவில்லை. ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளும். சாப்பிட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். சட்டியில் மிச்சமிருந்த முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பில் சோற்றைப் பிசைந்து, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவேன்.

மனக்கட்டுப்பாடு போய்விட்டதென்று வருந்தினேன். மருத்துவம் படிக்கும் அக்கா மகள்தான் விளக்கினாள்: "மாமா, கொழுப்பு குறைந்தால் அது சுரக்கிற, பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் குறையும். பஞ்சம் வந்துவிட்டதென்று மூளை நினைத்துக்கொள்ளும். இரைப்பையில் சுரக்கும் கிரெலின் கூடிப் பசியைத் தூண்டும்." 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், எடை குறைத்து ஓராண்டு ஆன பிறகும் இந்த இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லையாம். உடல் செலவழிக்கும் சக்தியும் குறைந்துவிடுகிறது. அதனால் முன்பு எடையை ஏற்றாத அதே அளவுச் சோறு இப்போது ஏற்றுகிறது.

சரி, 70 கிலோ என்ற இலக்கை விட்டேன். 77க்கு இறங்கி அங்கேயே நிற்பதே இப்போதைய வேலை. காலை இட்லி நான்கிலிருந்து இரண்டானது, கூடவே இரண்டு முட்டை. மாலை நான்கு மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். புரதம் கூடியதும் ராத்திரிப் பசியின் வேகம் தணிந்தது. ஞாயிறு காலை எடை பார்ப்பேன்; இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினால் மட்டும் ராத்திரிச் சோற்றில் ஒரு கரண்டி குறைப்பேன்.

எட்டு மாதமாக 76, 77 என்றே நிற்கிறது. பசி இன்னும் வருகிறது, சில ராத்திரிகளில் பலமாகவே.