ஈயமும் நியோபியம்-டைட்டானியமும்: இரண்டு நீளங்களை வைத்து மாறுநிலைப் புலங்களைக் கணக்கிடுவது எப்படி?

ஒரு மீக்கடத்தி முதல் வகையா இரண்டாம் வகையா என்பதை இரண்டு நீளங்களே தீர்மானிக்கின்றன. வெளிக் காந்தப்புலம் மேற்பரப்பிலிருந்து உள்ளே எவ்வளவு தூரம் சென்று மங்குகிறது என்பது ஊடுருவல் ஆழம் λ. மீக்கடத்தும் நிலை அழிந்த இடத்திலிருந்து மீண்டும் முழு வலிமை பெற எடுக்கும் தூரம் ஒத்திசைவு நீளம் ξ.

படி 1: வகுத்துப் பாருங்கள்

κ = λ/ξ. இது 0.707-ஐ விடக் குறைந்தால் முதல் வகை. கூடினால் இரண்டாம் வகை.

ஈயத்துக்கு λ சுமார் 37 நானோமீட்டர், ξ சுமார் 83. κ 0.45தான் வருகிறது. இதில் மீக்கடத்தும் பகுதிக்கும் சாதாரணப் பகுதிக்கும் நடுவே எல்லை அமைக்க ஆற்றல் செலவாகும். அதனால் புலம் நுழையாமலே நின்று, சுமார் 80 மில்லிடெஸ்லாவில் மீக்கடத்தல் ஒரேயடியாக அழிகிறது.

நியோபியம்-டைட்டானியத்தில் λ சுமார் 300, ξ சுமார் 5. κ = 60. இங்கே எல்லை அமைத்தால் ஆற்றல் மிச்சம். ஆகவே புலம் முடிந்தவரை பொடிப்பொடியாகப் பிரிந்து நுழைகிறது. அந்தப் பொடி ஒவ்வொன்றும் ஒரு காந்தச் சுழல்: நடுவே மீக்கடத்தாத கரு, சுற்றிலும் ஓடும் மின்னோட்டம், உள்ளே சரியாக ஒரு பாயக் குவாண்டம் Φ₀, அதாவது காந்தப் பாயத்தின் மிகச்சிறு அலகு.

படி 2: புலங்களைக் கணக்கிடுங்கள்

```
Φ₀  = 2.07e-15 Wb
Bc1 ≈ Φ₀ ln(κ) / (4πλ²) ≈ 0.0075 T
Bc2 = Φ₀ / (2πξ²)       ≈ 13 T
```

கீழ் மாறுநிலைப் புலம் Bc1, முதல் சுழல் நுழைவது லாபமாகும் புள்ளி. மேல் மாறுநிலைப் புலம் Bc2, கருக்கள் நெருங்கி இடமே இல்லாமல் போகும் புள்ளி. சரிபார்க்கலாம்: முக்கோண அடுக்கில் சுழல்களின் இடைவெளி 1.075√(Φ₀/B). 13 டெஸ்லாவில் இது சுமார் 13.5 நானோமீட்டர், கருவின் குறுக்களவோ ஏறத்தாழ 2ξ, அதாவது 10. (இவை தனிச்சுழி வெப்பநிலைக்கு அருகிலான மதிப்புகள், 4.2 கெல்வினில் மேல்புலம் 10-11 டெஸ்லா அளவுக்கு இறங்கும்.)

படி 3: அளக்கும்போது கவனியுங்கள்

Bc1-ஐ அளக்க, மாதிரியைப் புலமே இல்லாமல் குளிர்வித்து, பிறகு புலத்தை மெல்ல ஏற்றுங்கள். காந்தமாக்கல் வரைபடம் நேர்கோட்டை விட்டு விலகும் இடமே விடை. புலத்தோடு குளிர்வித்தால் சுழல்கள் முன்பே உள்ளே சிக்கியிருக்கும்; அந்த வரைபடம் உதவாது. வடிவமும் ஏமாற்றும். உருண்டையின் நடுக்கோட்டில் புலம் ஒன்றரை மடங்காகக் குவிவதால், சுழல்கள் Bc1-இன் மூன்றில் இரண்டு பங்கிலேயே நுழைந்துவிடும். மெல்லிய தகடானால் புலத்துக்கு இணையாக நிறுத்துங்கள்.

படி 4: Bc2-ஐ வேலைப் புலமாக எண்ணாதீர்கள்

பலரும் தவறுவது இங்கேதான். 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. காந்தத்தின் கம்பி Bc1-ஐப் போல 200 மடங்கு புலத்தில், சுழல்கள் நிறைந்த நிலையிலேயே இயங்குகிறது. மின்னோட்டம் பாய்ந்தால் அது சுழல்களைப் பக்கவாட்டில் தள்ளும். அவை நகர்ந்தால் மின்னழுத்தம் தோன்றி வெப்பம் பிறக்கும். புலம் Bc2-க்கு வெகு கீழே இருந்தாலும் கம்பி மீக்கடத்தலை இழக்கும். அதனால்தான் கம்பியை இழுத்துச் சூடேற்றிப் பதப்படுத்தும்போது டைட்டானியம் மிகுந்த நுண்படிவுகளை வேண்டுமென்றே உருவாக்குகிறார்கள். சுழலின் கரு அந்தப் படிவில் உட்கார்ந்தால் ஆற்றல் குறைவு என்பதால், அங்கிருந்து எளிதில் நகராது.