ஒரு டன் கம்பிக்குக் கட்டுக்கம்பி எத்தனை கிலோ, கவர் பிளாக் எத்தனை?

மதுரைப் பக்கம் கம்பிக் கடையில் கேட்டால், டன்னுக்குப் பத்து கிலோ கட்டுக்கம்பி என்பார்கள். பில்லருக்கு அது போதும். மாடித் தளத்துக்குப் பெரும்பாலும் போதாது. திருமங்கலத்தில் நாங்கள் போட்ட 1000 சதுர அடித் தளத்தை வைத்தே கணக்கைப் பார்ப்போம்.

முதலில் கம்பியின் எடை. 8 மி.மீ. கம்பி, இருபக்கமும் 15 செ.மீ. இடைவெளி என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5.3 கிலோ. 1000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர்; ஆகவே அரை டன்.

அடுத்து முடிச்சுகள். சதுர மீட்டருக்கு 44 சந்திப்புகள், மொத்தம் சுமார் 4,100. ஓரங்களில் எல்லாவற்றையும், நடுவில் ஒன்றுவிட்டு ஒன்றையும் கட்டினால் போதும். ஒரு முடிச்சுக்கு 30 செ.மீ. நீளத்தில் 18 கேஜ் கம்பியை மடித்துப் போடுவோம். எடை சுமார் 2.8 கிராம். சேதாரத்தோடு ஆறேகால் கிலோ, அதாவது டன்னுக்குப் பன்னிரண்டரை. தடித்த கம்பியில் அதே டன்னுக்குச் சந்திப்புகள் குறைவு; 20 மி.மீ. பில்லருக்கு ஏழெட்டு கிலோவிலேயே முடிந்துவிடும்.

கவர் பிளாக்கை டன் கணக்கில் வாங்காதீர்கள், பரப்பைப் பாருங்கள். மீட்டருக்கு ஒன்று என்பது வழக்கம். ஆனால் 8 மி.மீ. கம்பி மெலிது, கான்கிரீட் போடுபவர்கள் மேலே நடந்ததும் இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே தொய்ந்து பலகையைத் தொட்டுவிடும். அதனால் 75 செ.மீ.க்கு ஒன்று வைப்பேன். இந்தத் தளத்துக்கு 165, உடைசலோடு 180, டன்னுக்கு 360. சோதிப்பது எளிது: இரு பிளாக்குகளின் நடுவே காலை ஊன்றி, கம்பிக்கும் பலகைக்கும் இடையே விரல் நுனி நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் அங்கே இன்னொன்று வையுங்கள். சென்டரிங் பிரித்ததும் கூரையின் அடியில் கம்பியின் கட்டம் கோடு கோடாகத் தெரிந்தால், கவர் இல்லாமல் போயிற்று என்று அர்த்தம்.

தளத்துக்கு 20, பில்லருக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 மி.மீ. கனம் கேளுங்கள். கிரானைட் துண்டு, உடைந்த டைல்ஸ் வைக்க விடாதீர்கள். வழவழப்பில் கான்கிரீட் ஒட்டாது. கட்டுவதற்குக் கம்பி பதித்த சிமெண்ட் பிளாக்தான் என் தேர்வு. வெறும் பிளாக் மிதிபட்டால் நகர்ந்துவிடும்.

முடிச்சு முறுக்கியதும் வால்முனையை உள்பக்கம் மடக்கிவிடுங்கள். கீழே நீட்டிக்கொண்டிருந்தால் பலகையைத் தொட்டு, பின்னர் கூரையில் துருப்புள்ளியாக வெளிப்படும்.

பின்சேர்க்கை: 20 கேஜ் வாங்கினால் எடை குறையுமே என்று மேலூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். குறையாது. ஒற்றையாகப் போட்டால் கொக்கி முறுக்கும்போதே அறுந்துவிடுவதால் இரட்டையாகப் போடுவார்கள். அது 18 கேஜை விடச் சற்று அதிகமாகவே எடை காட்டும்.