போனில் மட்டும் வெள்ளைத் திரை: மென்பொருள் நிறுவனத்துக்குக் கிளினிக்கிலிருந்து மின்னஞ்சல் எழுதுவது எப்படி?

"அவசரம். அப்பாயின்ட்மென்ட் பக்கம் வேலை செய்யவில்லை. உடனே சரிசெய்யவும்." இப்படி ஒரு வரி அனுப்பினால், "எங்களுக்கு நன்றாகத் திறக்கிறதே" என்றுதான் பதில் வரும். அது பொய்யும் இல்லை. அவர்கள் மேசைக் கணினியில் திறந்து பார்க்கிறார்கள், அதில் திறக்கிறது. முன்பதிவு மென்பொருள்களைச் சோதிப்பது என் வேலை என்பதால், இந்த இரண்டு வரிகளும் மாறி மாறிப் பறப்பதை நிறையவே பார்த்திருக்கிறேன். அதற்குள் உசிலம்பட்டியிலிருந்து கிளம்பிய நோயாளி டோக்கன் இல்லாமலே மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கிவிடுவார்.

மதுரை அண்ணா நகர்ப் பக்கம் உள்ள ஒரு குழந்தைகள் கிளினிக்கில் நடந்ததை வைத்து, மின்னஞ்சலை எப்படித் தயார் செய்வது என்று சொல்கிறேன். வரவேற்பில் இருந்த பெண்ணுக்குக் கணினி நுட்பம் எதுவும் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

படி 1: எது காரணம் இல்லை என்று பாருங்கள்

இதற்குப் பத்து நிமிடம் போதும். போனில் மறைநிலைத் தாவலில், அதாவது இன்காக்னிட்டோவில், அதே இணைப்பைத் திறங்கள். அங்கே திறந்துவிட்டால், போனில் தங்கிப்போன பழைய கோப்பு, அதாவது கேஷ்தான் தொல்லை செய்கிறது. அடுத்து வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். பிறகு மேசைக் கணினியில் உலாவியின் ஜன்னலைப் போன் அகலத்துக்கு ஒடுக்குங்கள். ஒடுக்கியதும் கணினியிலும் பக்கம் வெறுமையானால், சிறிய திரைக்கான வடிவமைப்பில் கோளாறு.

அந்தக் கிளினிக்கில் இவை மூன்றும் பொய்த்துப்போயின. மறைநிலையிலும் வெள்ளை, டேட்டாவிலும் வெள்ளை, ஒடுக்கிய ஜன்னலில் மட்டும் பக்கம் ஒழுங்காகத் திறந்தது. பலன் இல்லையே என்று இதை விட்டுவிடாதீர்கள். இவற்றை எழுதி அனுப்பினால், நிறுவனத்துக்காரர் "கேஷை அழித்துப் பாருங்கள்" என்று சொல்லி உங்கள் ஒரு நாளைத் தின்ன முடியாது.

படி 2: திறக்கும் போன் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்

பெரும்பாலானோர் திறக்காத போன்களைத்தான் பட்டியல் போடுவார்கள். துப்பு இருப்பது திறக்கும் போனில். அந்தப் பெண்ணின் ஆண்ட்ராய்டு போனில் வெள்ளை, டாக்டரின் ஐபோனிலும் வெள்ளை. ஆக, ஒரு குறிப்பிட்ட கம்பெனி போனின் குறையும் அல்ல. ஆனால் பக்கத்து மருந்துக்கடை அண்ணனின் போனில் பக்கம் பளிச்சென்று திறந்தது.

இரண்டு ஆண்ட்ராய்டு போன்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, குரோம் பதிப்பு, போனின் மொழி ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டால் போதும். குரோமின் முகவரிப் பட்டையில் `chrome://version` என்று தட்டினால் பதிப்பு எண் தெரியும். மொழி, செட்டிங்ஸில் இருக்கும். போன் மாடலை நிறுவனத்துக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம். இப்போதைய குரோம், ஆண்ட்ராய்டு போன் எதுவானாலும் தளத்துக்குத் தருகிற வழக்கமான அடையாள வரியில் மாடல் பெயரை மறைத்து `Android 10; K` என்றுதான் காட்டுகிறது. நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

குரோம் இரண்டு போனிலும் ஒரே பதிப்பு. வேறுபட்டது மொழி. வரவேற்புப் பெண்ணின் போன் தமிழில் இருந்தது. அண்ணனுடையது ஆங்கிலம், அதுவும் அமெரிக்க ஆங்கிலம். டாக்டரின் ஐபோனில் இந்திய ஆங்கிலம்.

படி 3: எப்போதிலிருந்து என்று சொல்லுங்கள்

"சில நாட்களாக" என்பது விடையே அல்ல. கடைசியாக எந்த நாள் திறந்தது, முதலில் எந்த நாள் திறக்கவில்லை? கூடவே, அதற்கு முந்தைய நாட்களில் யாராவது சொன்ன விநோதமான புகார்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பந்தம் இல்லாததுபோல் தோன்றினாலும் சேருங்கள். இந்தக் கிளினிக்கில் முடிச்சை அவிழ்த்ததே அப்படி ஒரு புகார்தான். மேலூரிலிருந்து பேசிய ஒரு தாய், ஜூலை 12 அன்று இன்றைய டோக்கன் கேட்டால் பக்கம் டிசம்பர் மாதத்தைக் காட்டுகிறது என்று அலுத்துக்கொண்டிருந்தார்.

தேதியை எழுதும்போது மாதத்தின் பெயரைப் போடுங்கள். 5/7 என்று எழுதினால் படிப்பவர் ஜூலையா மே மாதமா என்று குழம்புவார். நேரத்துக்குப் பக்கத்தில் "இந்திய நேரம்" என்றும் சேருங்கள். பல சர்வர்களின் பதிவேடு நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலக நேரத்தில் ஓடும்.

படி 4: மின்னஞ்சல்

வரவேற்புப் பெண் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது.

> பொருள்: முன்பதிவுப் பக்கம் போனில் மட்டும் வெள்ளையாக வருகிறது, ஜூலை 13 முதல்
>
> வணக்கம்.
>
> எங்கள் கிளினிக்கின் முன்பதிவு இணைப்பைப் போனில் திறந்தால், மேலே தலைப்பு ஒரு நொடி தெரிந்து மறைகிறது. பிறகு முழுவதும் வெள்ளை. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. வரவேற்பு மேசைக் கணினியில் சரியாக இருக்கிறது.
>
> ஜூலை 12 வரை போனில் திறந்தது. ஆனால் அன்று ஒருவருக்கு இன்றைய தேதிக்குப் பதில் டிசம்பர் 7 காட்டியிருக்கிறது. 13 காலையிலிருந்து திறக்கவே இல்லை. கடைசியாகச் சோதித்தது ஜூலை 15, காலை 9.40, இந்திய நேரம்.
>
> திறக்காதவை: ஆண்ட்ராய்டு (மொழி தமிழ்), ஐபோன் (இந்திய ஆங்கிலம்). திறப்பது: ஆண்ட்ராய்டு (அமெரிக்க ஆங்கிலம்). மாடலும் பதிப்பும் இணைத்துள்ள கோப்பில் உள்ளன.
>
> மறைநிலைத் தாவல், மொபைல் டேட்டா இரண்டிலும் அதே நிலைதான். கணினியில் ஜன்னலை ஒடுக்கினாலும் பக்கம் தெரிகிறது.
>
> பக்கம் திறப்பதைப் பதிவு செய்த வீடியோவை இணைத்துள்ளேன். சரியாகும் வரை தொலைபேசியில் டோக்கன் தருகிறோம். எப்போது சரியாகும் என்று தெரிவிக்கவும்.

வெள்ளைத் திரையின் படத்தை மட்டும் அனுப்பினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. முகவரிப் பட்டையும் மேலே உள்ள கடிகாரமும் தெரியும்படி திரையை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். அதில் நோயாளியின் பெயரோ எண்ணோ வாட்ஸ்அப் அறிவிப்பாகக்கூட எட்டிப்பார்க்கக் கூடாது. கடவுச்சொல்லை அவர்களே கேட்டாலும் மின்னஞ்சலில் எழுத வேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் படித்த நிரலாளருக்கு அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் இன்றைய தேதியைப் போனின் மொழி வழக்கப்படி எழுத்தாக மாற்றி, அதையே மறுபடி தேதியாகப் படித்தது. அமெரிக்க ஆங்கிலத்தில் மாதம் முதலில் வரும். தமிழிலும் இந்திய ஆங்கிலத்திலும் நாள் முதலில் வரும். படிக்கிற நிரலோ எப்போதும் மாதம்தான் முதல் என்று எடுத்துக்கொள்கிறது.

```
new Date("12/7/2025")   // Dec 07 2025
new Date("15/7/2025")   // Invalid Date
```

பன்னிரண்டு வரை ஏதோ ஒரு மாதமாவது கிடைக்கிறது. பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் 13ஆம் தேதி நிரல் அப்படியே விழுந்து, பக்கம் மொத்தமும் வெறுமையாகிறது. கிளினிக் கணினியும் நிறுவனத்தின் கணினிகளும் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்ததால், அங்கே யாருக்கும் இது கண்ணில் படவில்லை. உண்மையில் இது போன் கோளாறே இல்லை, மொழி அமைப்பின் கோளாறு. அதைப் போன் கோளாறு என்று மட்டும் எழுதியிருந்தால், இன்னொரு வாரம் திரை அளவையே அளந்துகொண்டிருப்பார்கள்.

படி 5: "சரிசெய்துவிட்டோம்" என்று பதில் வந்த பிறகு

முன்பு திறக்காத அதே போன்களில், அதே இணைப்பில் பாருங்கள். இந்த வகைக் கோளாறில் ஒரு பொறி இருக்கிறது. திருத்தம் மாதத்தின் 3ஆம் தேதி வந்தால், திருத்தாவிட்டாலும் பக்கம் திறக்கத்தான் செய்யும். அதனால் திறக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், காட்டும் நாளும் மாதமும் சரியா என்று பாருங்கள். 13ஆம் தேதி காலை முதல் டோக்கனுக்கு முன்பாக இன்னொரு முறை திறந்து பார்த்துவிட்டு, "இப்போது சரி" என்று பதில் எழுதி அந்தப் புகாரை முடித்துவையுங்கள்.