நைட்டு நெஞ்சு எரியுதா? நாம பண்ற தப்பு எங்க இருக்குன்னு பாருங்க

எங்க பெரியப்பா மளிகை கடை வச்சிருக்காரு. ராத்திரி பத்து மணிக்கு ஷட்டர் இறக்கி, கணக்கு பாத்து, வீட்டுக்கு வர பத்தரை ஆயிடும். வர்ற வழியில வாங்குன நாலு பரோட்டா சால்னாவோட ஒரு ஆம்லேட்டும் சாப்டுட்டு பதினொரு மணிக்கெல்லாம் படுத்துடுவாரு. கரெக்டா ஒரு மணி ஒன்றரைக்கு நெஞ்சுக்குழியில ஆரம்பிச்சு தொண்டை வரைக்கும் எரிஞ்சுகிட்டு வரும், வாயில புளிச்ச தண்ணி வரும், எழுந்து உக்காந்துடுவாரு. ரெண்டு வருஷமா இப்படித்தான். நான் கேஷுவாலிட்டில நர்ஸா வேலை பாக்கறதால, "ஏம்மா, எனக்கு உடம்புல ஆசிட் ஜாஸ்தியா சுரக்குதோ"ன்னு ஒரு நாள் கேட்டாரு.

இங்கதான் பாதி பேர் தப்பா புரிஞ்சிக்கிறாங்க. ஆசிட் ஜாஸ்தியா சுரக்கறது எல்லாருக்கும் பிரச்சனை இல்ல, நிறைய பேருக்கு சரியான அளவுலதான் சுரக்குது, அது இருக்கக்கூடாத இடத்துக்கு ஏறி வர்றதுதான் பிரச்சனை. உணவுக்குழாய் முடிஞ்சு இரைப்பை ஆரம்பிக்கிற எடத்துல வளையம் மாதிரி ஒரு தசை இருக்கு, சாப்பாடு இறங்கும்போது திறந்து அப்புறம் இறுக்கி மூடிக்கும். வயிறு ஃபுல்லா இருந்தா அந்த தசை அடிக்கடி தளர்ந்து குடுத்துடும். நிக்கும்போது உக்காரும்போது அப்படியே கொஞ்சம் மேல வந்தாலும் தன்னால கீழ இறங்கிடும், நாமளும் எச்சில் முழுங்கிகிட்டே இருக்கோம்ல, அது ஆசிட்ட கழுவி விட்டுடும். தூங்கும்போது எச்சிலும் குறைஞ்சுடும் முழுங்கறதும் குறைஞ்சுடும், படுத்திருக்கறதால கீழ இறங்கவும் வழி இல்ல, அதனாலதான் பகல்ல ஒண்ணும் தெரியாதவங்களுக்கு கூட ராத்திரி எரியுது.

அதனால முதல் தப்பு சாப்ட நேரம். சாப்ட்டதுக்கும் படுக்கறதுக்கும் மூணு மணி நேரமாவது இடைவெளி வேணும், ஏன்னா இரைப்பை காலியாக அவ்ளோ நேரம் புடிக்கும், எண்ணெய் சாப்பாடுன்னா இன்னும் லேட்டாகும். பரோட்டா சால்னா சாப்டுட்டு அரை மணி நேரத்துல படுத்தா வயித்துல எல்லாம் அப்படியே இருக்கு. "கடையை மூடறதே பத்து மணிக்கு, நான் எங்கம்மா ஏழு மணிக்கு சாப்பிடறது"ன்னு பெரியப்பா கேட்டாரு, நியாயமான கேள்விதான். அதனால சாப்பாட்டையே கடைக்கு கொண்டு போக சொன்னோம். ஏழு மணிக்கு பெரியம்மா குடுத்து விடற சப்பாத்தியோ சாதமோ கடையிலயே சாப்டுடுவாரு, வீட்டுக்கு வந்து பசிச்சா ரெண்டு இட்லி, இல்ல ஒரு வாழைப்பழம், அவ்ளோதான். இன்னொண்ணு, சாப்ட்டதும் படுக்கலைன்னாலும் சோபால சரிஞ்சு உக்காந்து ஃபோன் பாக்கறது கிட்டத்தட்ட படுத்த மாதிரிதான், வயிறு மடங்கி அழுத்தம் ஏறும். இறுக்கி கட்டுன லுங்கி, நைட் பேண்ட் எலாஸ்டிக் கூட அதே வேலைய பண்ணும், கொஞ்சம் தளர்த்தி விடுங்க.

அடுத்தது தலகாணி. இது ரொம்ப பேர் பண்றது, எரியுதுன்னு மூணு தலகாணிய அடுக்கி வச்சு படுக்கறாங்க. பெரியப்பாவும் அப்படித்தான் படுத்திருந்தாரு, பக்கத்துல நின்னு பாத்தேன், கழுத்து மட்டும் மேல தூக்கி தாடை நெஞ்சுல முட்டுது, முதுகு மெத்தையில தட்டையா இருக்கு, அப்புறம் தூக்கத்துல கீழ சரிஞ்சு இடுப்புகிட்ட மடங்கிட்டாரு. இதுல இரைப்பையும் உணவுக்குழாயும் அதே மட்டத்துலதான் இருக்கு, வயிறு மடங்குனதால அழுத்தம் வேற ஏறுது, காலைல கழுத்து வலி போனஸ்.

தூக்க வேண்டியது தலையை இல்ல, இடுப்புக்கு மேல மொத்த உடம்பையும் சாய்வா தூக்கணும். கட்டில்னா தல மாட்டுல இருக்கற ரெண்டு கால்களுக்கு அடியில ஆறுலேந்து எட்டு இன்ச் உயரம் குடுக்கணும். ஒரு செங்கல் சுமார் மூணு இன்ச் இருக்கும், ரெண்டு அடுக்குனா ஆறு இன்ச், நாங்க அப்படித்தான் முதல்ல வச்சோம். ஆனா டைல்ஸ் தரையில செங்கல் வழுக்குது, ஒரு நாள் கட்டில் லேசா நகந்தே போச்சு, அப்புறம் ஆசாரிகிட்ட சொல்லி கட்டில் கால் உக்கார்ற மாதிரி நடுவுல குழி வெட்டுன மரக்கட்டை ரெண்டு போட்டுகிட்டோம். மொத ரெண்டு மூணு நாள் கால் பக்கம் சறுக்கற மாதிரி இருக்கும், பழகிடும். தரையில பாய் போட்டு படுக்கறவங்க ஒரு மெத்தையை மடிச்சு சாய்வா, இடுப்புலேந்து தலை வரைக்கும் வர்ற மாதிரி அடியில வச்சுக்கலாம், சரிவான தலகாணின்னு கடையிலயும் விக்கறாங்க, அது முதுகு வரைக்கும் வருதான்னு பாத்து வாங்குங்க. கூடவே இடது பக்கமா படுங்க. இடது பக்கம் படுத்தா இரைப்பையோட பெரிய பகுதி கீழ போயிடும், ஆசிட் அங்க தேங்கிடும், உணவுக்குழாய் வாசல் அதுக்கு மேல இருக்கும். வலது பக்கம் படுத்தா வாசல் ஆசிட்டுக்குள்ள முழுகுன மாதிரி ஆயிடும்.

மருந்து விஷயத்துல வர்ற தப்பையும் சொல்லிடறேன். நைட்டு எரியும்போது பான்டோப்ரசோல் எடுத்து போட்டுட்டு "கேக்கவே இல்ல"ன்னு சொல்றாங்க. அந்த மாத்திரை எரிச்சல அணைக்கறது இல்ல, ஆசிட் சுரக்கறத குறைக்கறது, அதனால சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி, பொதுவா காலைல வெறும் வயித்துல போட்டாதான் நல்லா வேலை செய்யும், முழு பலன் தெரிய சில நாள் ஆகும். எரியற நிமிஷத்துக்கு உதவறது ஆன்டாசிட் ஜெல்தான், அதுவும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். சோடா குடிச்சு ஏப்பம் விடறது அந்த நேரத்துக்கு லேசா இருந்தாலும் கேஸ் இரைப்பைய இன்னும் ஊத வைக்கும். பால் குடிச்சா கொஞ்ச நேரம் நல்லா இருக்கும், அப்புறம் அந்த பாலுக்கே ஆசிட் சுரந்து மறுபடி எரியும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை தினமும் போடறவங்க அத டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும். ரெண்டு வாரத்துக்கு மேல மாத்திரை தேவைப்பட்டா நீங்களே கடையில வாங்கி ஓட்டாதீங்க. முழுங்க கஷ்டமா இருக்கு, காரணமில்லாம எடை குறையுது, மலம் தார் மாதிரி கறுப்பா போகுது, ரத்த வாந்தின்னா தாமதமே வேணாம், எண்டோஸ்கோபி பாக்க வேண்டி வரும்.

இப்ப முக்கியமானதுக்கு வரேன். கட்டில தூக்கி, சாப்பாட்டு நேரத்த மாத்தி, ஒரு மாசத்துல பெரியப்பாவுக்கு நைட்டு எரிச்சல் கிட்டத்தட்ட நின்னே போச்சு. ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் ஃபோன்ல பேசும்போது, "மறுபடி எரியுதும்மா, ஆனா இப்ப காலைல வருது, ஷட்டர தூக்கும்போது வருது, அஞ்சு நிமிஷம் ஸ்டூல்ல உக்காந்தா போயிடுது, அதே கேஸ்தான் போல, ஜெல்லு குடிச்சுக்கறேன்"னாரு. எனக்கு கை கால் உதறிடுச்சு. சாப்பாட்டுக்கும் படுக்கறதுக்கும் சம்பந்தமே இல்லாம, உழைக்கும்போது வந்து உக்காந்தா போற எரிச்சல் இரைப்பைலேந்து வர்றதா இல்லாம, இதயத்துக்கு ரத்தம் பத்தலைன்னு அர்த்தமா இருக்கலாம். எரிச்சல்னு சொன்னதாலயே அது இதயம் இல்லன்னு ஆயிடாது. "பெரியப்பா, இப்பவே கடைய விட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க, பைக் ஓட்டாதீங்க, தம்பிய கூட்டிட்டு ஆட்டோல வாங்க"ன்னு சொன்னேன். ஈசிஜி நார்மலா வந்துச்சு. அவரு "பாத்தியா"ன்னு கிளம்ப பாத்தாரு. ஆனா வலி இல்லாத நேரத்துல எடுத்த ஈசிஜி நார்மலா இருக்கறது சகஜம், டாக்டர் அவரு சொன்னத முழுசா கேட்டுட்டு அட்மிட் போட்டு ஆஞ்சியோ பாத்தாரு, ஒரு ரத்தக்குழாய்ல பெரிய அடைப்பு, ஸ்டென்ட் வச்சாங்க.

நெஞ்சு நடுவுல பாரம் வச்ச மாதிரி, இறுக்கி புடிச்ச மாதிரி இருக்கு, தோள், இடது கை, ரெண்டு கை, தாடை, முதுகுன்னு பரவுது, குப்புனு வேர்க்குது, மூச்சு வாங்குது, குமட்டுதுன்னா அத கேஸ்னு நெனச்சு ஒரு நிமிஷம் கூட ஒக்காந்திருக்காதீங்க. சுகர் இருக்கறவங்க, வயசானவங்க, பொம்பளைங்களுக்கு வலியே சரியா தெரியாம வெறும் மேல்வயித்து எரிச்சல், அசதி, மூச்சு வாங்கறதுன்னு மட்டும் கூட வரும். ஜெல் குடிச்சதும் கொறஞ்சுது, ஏப்பம் வந்ததும் லேசாச்சுங்கறத வச்சு முடிவு பண்ணாதீங்க, ஹார்ட் அட்டாக்லயும் ஏப்பம் வரும், வலி ஏறி இறங்கும்.

அந்த நேரத்துல நடக்க விடாம உக்கார வச்சு 108-க்கு போன் போடுங்க. ஆஸ்பிரின் அலர்ஜி இல்லாத, ரத்தக்கசிவு பிரச்சனை இல்லாத ஆளா இருந்து ஃபோன்ல இருக்கறவங்களோ டாக்டரோ சொன்னா 300 மில்லிகிராம் ஆஸ்பிரின மென்னு முழுங்க குடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் குடுத்தார்னு நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரைய வைக்காதீங்க, பிபி திடீர்னு எறங்கிடும். தமிழ்நாட்டுல ஆரம்ப சுகாதார நிலையங்கள்லயே 'இதயம் காப்போம்' திட்டத்துல மொத டோஸ் மாத்திரைங்க குடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாங்க, 2023-லேந்து இருக்கு, கிராமத்துல இருந்தா அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் முதல் ஈசிஜி நார்மல்னு சொன்னா கூட வலி இருந்தா மறுபடி எடுப்பாங்க, இதயத் தசை பாதிச்சிருக்கான்னு காட்டற ட்ரோபோனின் ரத்த டெஸ்ட்டையும் சில மணி நேரம் விட்டு திரும்ப பாப்பாங்க, அதுக்குள்ள கையெழுத்து போட்டு கிளம்பிடாதீங்க. உள்ள வரும்போது "நேத்து பிரியாணி சாப்ட்டேன், கேஸ்"னு ஆரம்பிக்காம, எத்தன மணிக்கு வந்துச்சு, என்ன பண்ணிகிட்டு இருந்தப்ப வந்துச்சு, எவ்ளோ நேரம் இருந்துச்சு, வேர்த்துச்சா, எங்க பரவுச்சு, சுகர் பிபி மாத்திரை என்ன போடறீங்கன்னு இத மொத சொல்லுங்க.